கையெழுத்துப் போடும் முன் மூன்றாவது பத்தியைப் படியுங்கள்

கேள்வி: கோவையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் நாலு வருஷம் ஒன்பது மாசமாக கிராஃபிக் டிசைனராக இருக்கிறேன். சம்பளம் 38,000. மூணு வருஷமாக இன்கிரிமென்ட் இல்லை. அம்மாவின் மருத்துவச் செலவுக்காக வெளியே டிசைன் வேலை எடுத்துச் செய்தேன். ஒரு பேக்கரிக்கு லோகோவும் கேக் பெட்டி டிசைனும் செய்து கொடுத்து 60,000 ரூபாய் ஜிபேயில் வாங்கினேன். அந்தப் பேக்கரிக்காரர் முன்பு எங்கள் ஆபீசில் விலை கேட்டு, கட்டுப்படியாகாமல் போனவர். பெரும்பாலும் வீட்டில்தான் செய்தேன், கொஞ்சம் ஆபீஸ் லேப்டாப்பில். இப்போது ஷோகாஸ் நோட்டீஸ் வந்திருக்கிறது, ஏழு நாளில் பதில் தர வேண்டும். மூணு லட்சம் கட்டி, அவர்கள் தரும் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் ரிலீவிங் லெட்டர் தருவார்களாம். ஆபீசில் பாதிப் பேர் இதைச் செய்கிறார்கள், என் மேனேஜரே செய்கிறார். என்னை மட்டும் ஏன் பிடிக்கிறார்கள்? வழக்குப் போடலாமா?

பதில்: இன்கிரிமென்ட் வராதது, மேனேஜரும் செய்கிறார் என்பது, அம்மாவின் மருத்துவச் செலவு, மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். வழக்கில் ஒன்றுக்கும் எடை கிடையாது. தனியார் நிறுவனம் பத்துப் பேரில் ஒருவர்மேல் மட்டும் நடவடிக்கை எடுத்தால், மற்ற ஒன்பது பேரைக் காட்டி நீங்கள் தப்பிக்க முடியாது. ஓய்வு நேரத்தில் சம்பாதித்தீர்களா என்பதும் பெரிய கேள்வி இல்லை. உங்கள் கடிதத்தில் சட்டப்படி கனமான வரி ஒன்றுதான்: பேக்கரிக்காரர் முதலில் உங்கள் நிறுவனத்தின் வாசலுக்கு வந்தவர்.

வேலையில் இருக்கும் காலத்தில் வேறு இடத்தில் வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை பொதுவாகச் செல்லும். 1967இல் கோலிகரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அப்படியிருந்தும், ஒரு டிசைனர் ஊரில் யாரோ ஒருவருக்குக் கல்யாணப் பத்திரிகை வரைந்து கொடுத்ததற்காக வேலையை விட்டு நீக்கினால், அந்தத் தண்டனை அதிகம் என்று என்னால் வாதாட முடியும். நிறுவனத்திடம் விலை கேட்டவருக்கே, நிறுவனம் விற்கும் அதே சேவையை, நிறுவனத்தின் ஆள் குறைந்த விலைக்கு விற்றால் அந்த வாதம் நிற்காது. அது வருமானத்துக்கு வழி தேடியதாகத் தெரியாது, முதலாளியின் வியாபாரத்தைத் திருப்பிவிட்டதாகத்தான் தெரியும். விசாரணை அதிகாரி முன்னால் நிறுவனம் எழுதப்போவதும் அந்த வார்த்தைதான்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவில், ஆறு மாதத்துக்கு மேல் பணியில் இருப்பவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் நீக்க முடியாது. விசாரணையில் தவறான நடத்தை நிரூபணமானால் அந்த நோட்டீசும் தேவையில்லை. மேல்முறையீடு செய்யலாம், ஜெயிக்கவும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் ஜெயித்தால் கிடைப்பது சில வருடங்கள் கழித்து அதே மேனேஜரின் கீழ் அதே நாற்காலி. உங்களுக்கு அது வேண்டாம் என்று நினைக்கிறேன். சமரசத்துக்குப் போங்கள்.

ஆனால் அவர்கள் நீட்டும் காகிதத்தில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். இந்த மாதிரி பத்திரங்கள் பல என் மேசைக்கு வந்திருக்கின்றன, நான்கு பத்திகள் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான். முதல் பத்தி, தவறு செய்தேன் என்ற ஒப்புதல். இரண்டாவது, பணம். மூன்றாவது, 'பணிக்காலத்தில் நான் உருவாக்கிய அனைத்துப் படைப்புகளும் நிறுவனத்துக்கே சொந்தம், மூலக் கோப்புகளை ஒப்படைக்கிறேன்' என்பது. நான்காவது, இத்தனை வருடத்துக்குப் போட்டி நிறுவனத்தில் சேர மாட்டேன் என்பது. வருகிற எல்லோருக்கும் பயம் இரண்டாவதிலும் நான்காவதிலும். கழுத்தில் விழுவது மூன்றாவது.

பதிப்புரிமைச் சட்டம் 17(சி) பிரிவின்படி, வேலை ஒப்பந்தத்தின் கீழ் ஒருவர் தன் பணியின் போக்கில் உருவாக்கியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிதான் முதல் உரிமையாளர். 'பணியின் போக்கில்' என்பதில்தான் சண்டையே. இரவில், உங்கள் சொந்தக் கணினியில், நிறுவனம் கொடுக்காத வேலையைச் செய்திருந்தால் அது உங்களுடையது. ஆபீஸ் லேப்டாப்பைத் தொட்டதால் மட்டும் உரிமை கைமாறிவிடாது. ஆனாலும் உங்கள் பதவி டிசைனர், செய்தது டிசைன், கோப்பின் ஒரு பகுதி அவர்கள் இயந்திரத்தில். அவர்களுக்குச் சொல்ல ஒரு வாதம் இருக்கிறது, உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. மூன்றாவது பத்தியில் கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் உங்கள் வாதத்தை நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள்.

அதன் பிறகு என்ன நடக்கும் என்று பாருங்கள். பேக்கரிக்காரர் பெட்டி அச்சடித்துவிட்டார், கடைப் பலகை மாட்டிவிட்டார். லோகோ தங்களுடையது, பயன்படுத்தக் கட்டணம் வேண்டும் என்று உங்கள் பழைய நிறுவனம் அவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பும். கூடவே உங்கள் கையெழுத்துள்ள பத்திரத்தின் நகலும் போகும். அவர் நேராக உங்களிடம்தான் வருவார். உனக்கே சொந்தமில்லாததை எனக்கு எப்படி விற்றாய், 60,000ஐத் திருப்பிக் கொடு, மறுஅச்சுச் செலவையும் கொடு என்பார். அவர் கேட்பதில் நியாயமும் இருக்கும். மூன்று லட்சம் கட்டி முடித்துவிட்டதாக நினைத்த பிரச்சினை, வேறொரு ஆள் வழியாகத் திரும்ப வந்து நிற்கும். இப்படி இரண்டு பக்கமும் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே மூன்றாவது பத்தியை மாற்றச் சொல்லுங்கள். நிறுவனம் ஒப்படைத்த வேலைகளில் செய்தவை நிறுவனத்துக்குச் சொந்தம், அவ்வளவுதான். பேக்கரியின் லோகோவையும் பெட்டி டிசைனையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இவற்றில் நிறுவனம் உரிமை கோராது, அந்த வாடிக்கையாளர்மேலும் எந்தக் கோரிக்கையும் வைக்காது என்று ஒரு வரி வர வேண்டும். ஒத்துக்கொள்ள மறுத்தால் வேறு வழி கேளுங்கள்: நீங்கள் கட்டும் தொகைக்கு ஈடாக, தங்களுக்கு ஏதாவது உரிமை இருந்தால் அதை நிறுவனம் பேக்கரிக்கே எழுதிக் கொடுக்கட்டும். அதில் காலத்தையும் எல்லையையும் குறிப்பிட மறக்காதீர்கள். உரிமை மாற்றப் பத்திரத்தில் காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும்.

இதே இடத்தில் ஒன்றை நீங்களே சரிபார்க்க வேண்டும். பெட்டி டிசைனில் போட்ட எழுத்துருவும் படங்களும் யார் பெயரில் வாங்கிய உரிமத்தில் வந்தவை? ஆபீஸ் கணக்கிலிருந்து இறக்கியிருந்தால், பேக்கரி இன்று அடுத்தவர் உரிமத்தில் பெட்டி அச்சடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த அச்சுக்கு முன் சொந்தமாக உரிமம் வாங்குங்கள், அல்லது அவற்றை மாற்றிக் கொடுங்கள்.

மற்ற மூன்று பத்திகளுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். நான்காவது ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவில் செல்லாது. வேலையை விட்ட பிறகும் தொழிலைத் தடுக்கும் நிபந்தனை செல்லாது என்பது முடிந்த விஷயம். ஆனாலும் எடுக்கச் சொல்லுங்கள், புதிய முதலாளியைப் பயமுறுத்த அதைக் காட்டுவார்கள். இரண்டாவதில், ஒப்பந்தத்தில் மூன்று லட்சம் என்று எழுதியிருந்தாலும் அதே சட்டத்தின் 74ஆம் பிரிவில் அது உச்சவரம்புதான். நியாயமான இழப்பீட்டுக்கு மேல் நீதிமன்றம் தராது. விலை கட்டுப்படியாகாமல் தானாகப் போன வாடிக்கையாளரால் மூன்று லட்சம் நஷ்டம் என்று காட்டுவது கடினம். 30,000இல் பேச்சை ஆரம்பியுங்கள், 60,000க்கு மேல் போகாதீர்கள். முதல் பத்தியில் 'தவறான நடத்தை' என்ற சொல் இருக்கக் கூடாது, அடுத்த வேலைக்கான பின்னணிச் சரிபார்ப்பில் அந்தச் சொல் வரும். 'எந்தத் தரப்பும் தவறை ஒப்புக்கொள்ளாமல்' என்று எழுதட்டும்.

பேச்சுக்குப் போகும் முன் கிராஜுவிட்டியைக் கணக்குப் பாருங்கள். ஐந்து வருடம் ஆகவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சம்பளத்துடன் கூடிய விடுமுறைகளையும் சேர்த்தால் ஒன்பது மாதத்தில் நீங்கள் அதைத் தாண்டியிருப்பீர்கள். அடிப்படைச் சம்பளம் 20,000 என்றால் சுமார் 57,700 ரூபாய் வரும். அவர்கள் கேட்கும் பணத்துக்கு எதிரில் வைக்க உங்களிடம் இருக்கும் தொகை இதுதான். பத்திரத்தில் 'எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை' என்ற வரி இருந்தால், அது இதையும் சேர்த்தே விழுங்கப் பார்க்கும்.

இப்போது இந்த ஏழு நாள். லேப்டாப்பிலிருந்து எதையும் அழிக்காதீர்கள். இதே போல நோட்டீஸ் வந்த இரவே வெளி வேலைக் கோப்புகளை அழித்த ஒரு பெண் என்னிடம் வந்தார். சாதாரண ஒழுங்கு நடவடிக்கையாக முடிந்திருக்க வேண்டியது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளில் போலீஸ் புகார் வரை போனது. நேர்மையற்ற நோக்கத்தோடு அழித்ததாகக் காட்டினால் மூன்று வருடம் வரை சிறை. அந்தப் புகாரைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லாத தொகையை நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஆதாரத்துக்கு என்று ஆபீஸ் கோப்புகளை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்புவதும் வேண்டாம், அனுமதியில்லாமல் நகலெடுப்பதும் அதே 43இல் வரும். இயந்திரத்தை இருக்கிற நிலையிலேயே ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள்.

பதிலில் 'வீட்டில் இரவில் மட்டும்தான் செய்தேன்' என்று எழுதாதீர்கள். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்குச் சேமித்த கோப்பு ஒன்று இருந்தால் போதும், பொய் சொன்னது இரண்டாவது குற்றச்சாட்டாகிவிடும். யார் யார் இதையே செய்கிறார்கள் என்றும் எழுதாதீர்கள். அது உங்கள் பக்கத்து ஒப்புதலாகவே படிக்கப்படும், நாளை உங்களுக்காகப் பேசக்கூடியவர்களையும் இழப்பீர்கள். முதலில் பதில் தர ஒரு வாரம் கூடுதல் அவகாசமும், அவர்கள் நம்பியிருக்கும் ஆவணங்களின் நகலும் கேட்டு இரண்டு வரி அனுப்புங்கள். மனிதவளப் பிரிவில் உட்கார வைத்து 'இப்போதே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்' என்றால் போடாதீர்கள்.

அந்த 60,000ஐ இந்த வருட வருமான வரிக் கணக்கில் காட்டிவிடுங்கள். ராஜினாமாக் கடிதத்தைத் தனியாக முதலில் கொடுத்துவிடாதீர்கள். ராஜினாமா, ஷோகாஸைத் திரும்பப் பெறும் கடிதம், ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, பாக்கிக் கணக்கு எல்லாம் ஒரே நாளில், ஒரே மேசையில் கைமாற வேண்டும். ரிலீவிங் லெட்டரின் வாசகத்தைச் சமரசப் பத்திரத்தோடு இணைப்பாகவே வையுங்கள். பணத்தைப் பாதி சமரசப் பத்திரம் கையெழுத்தானதும், மீதியை அசல் கடிதங்கள் உங்கள் கைக்கு வந்த பிறகும் வங்கி வழியாகவே கட்டுங்கள்.