ஹாமிங் குறியீடு: பிழையான பிட் இருக்கும் இடத்தை எப்படிக் காட்டுகிறது?

ஈப்ராமில் வைத்த மதிப்பில் ஒரு பிட் மாறிவிட்டால், எந்தப் பிட் என்று ஃபர்ம்வேருக்கு எப்படித் தெரியும்?

ஹாமிங் (7,4) குறியீட்டில் 3, 5, 6, 7 ஆகிய இடங்களில் தரவு பிட்டுகளும், 1, 2, 4 ஆகிய இடங்களில் பாரிட்டி பிட்டுகளும் அமர்கின்றன. மதிப்பு 1 உள்ள இடங்களின் எண்களையெல்லாம் எக்ஸ்ஆர் செய்தால் விடை பூச்சியமாகும்படி பாரிட்டி பிட்டுகளை நிரப்புவதே இதன் உத்தி.

தரவு 1011 எனில் 3, 6, 7 ஆகிய இடங்களில் 1 வருகிறது. இவற்றின் எக்ஸ்ஆர் 2 என்பதால், 2-ஆம் இடத்துப் பாரிட்டியை மட்டும் 1 ஆக்கினால் போதும். இட எண்ணையே பிட் எண்ணாகக் கொண்டால் பைட்டின் மதிப்பு `0xCC`. பின்னர் 5-ஆம் பிட் புரண்டு `0xEC` ஆன பைட்டை `w`-வில் படித்தால், கீழுள்ள நிரலில் `s` சரியாக 5 என்றே வரும்.

```c
uint8_t s = 0;
for (uint8_t i = 1; i <= 7; i++)
    if (w & (1 << i)) s ^= i;
if (s) w ^= (1 << s);
```

ஆனால் 5, 6 இரண்டும் புரண்டால் `s` 3 ஆகிவிடும். நிரலும் நல்ல நிலையில் இருந்த 3-ஆம் பிட்டைக் கெடுத்துவிடும். ஆகவே சும்மா கிடக்கும் 0-ஆம் பிட்டில், பைட்டிலுள்ள 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக அமையும்படி ஒரு மொத்தப் பாரிட்டியை வைப்பது நல்லது. `s` பூச்சியமல்லாதபோதும் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருந்தால், திருத்த முயலாமல் அந்தப் பைட்டை நிராகரித்துவிட வேண்டும்.