நெகட்டிவ் கெடவில்லை, ஸ்கேன்தான் போதவில்லை

கேள்வி: ஐயா, கொழிஞ்சாம்பாறையில் அப்பா ஸ்டூடியோ வைத்திருந்தார். 1990களில் எடுத்த கலர் நெகட்டிவ்களை கோயம்புத்தூரில் ஒரு கடையில் ஸ்கேன் செய்யக் கொடுத்தேன். முகம், வானம் எல்லாம் மணல் தூவின மாதிரி வந்திருக்கிறது. அன்றைக்கு அதே நெகட்டிவில் போட்ட பிரிண்ட் வழுவழுவென்று இருக்கிறது. கடைக்காரரைக் கேட்டால் "ஃபிலிம் பழசு, அப்படித்தான் வரும்" என்கிறார். நெகட்டிவ் கெட்டுவிட்டதா? (வாசகி, பாலக்காடு மாவட்டம்)

பதில்:

கெடவில்லை. உங்கள் கையில் உள்ள அந்தப் பழைய பிரிண்டே அதற்குச் சாட்சி. ஃபிலிம் பழசானால் நிறம் மங்கும், நம் பக்கத்து ஈரக்காற்றில் பூஞ்சை கோலம் போட்டது போலப் படரும். கிரெயின் என்னும் மணல் மட்டும் தானாகப் பெருக்காது. "பழசு" என்ற ஒற்றைச் சொல்லில் வேலையை முடிக்கிற கடைகளைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

முதலில் ஒரு சோதனை. கடை கொடுத்த ஃபைலில் ஒன்றைத் திறந்து, நீளவாக்கில் எத்தனை பிக்சல் என்று பாருங்கள். அந்த எண்ணை 1.42 ஆல் வகுங்கள். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு ஃபிரேமின் நீளம் 36 மில்லிமீட்டர், அதாவது 1.42 அங்குலம். ஆகவே வரும் விடைதான் உங்கள் நெகட்டிவ் நிஜமாக எத்தனை டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளியாக, ஸ்கேன் ஆனது என்பது. உங்கள் ஃபைல் 1800க்கு 1200 என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். கடைகளில் வழக்கமாகத் தரும் அளவு அதுதான். 1800ஐ வகுத்தால் ஏறத்தாழ 1270 டிபிஐ. பில்லில் "300 டிபிஐ, ஹை ரெசல்யூஷன்" என்று எழுதியிருப்பார்கள். அதுவும் பொய் இல்லை, ஆனால் அந்த 300 நெகட்டிவுக்கு உரியதல்ல. ஆறுக்கு நாலு அங்குலத் தாளில் பிரிண்ட் போட்டால் அங்குலத்துக்கு 300 என்று அர்த்தம். இந்த இரண்டையும் குழப்பியே எத்தனையோ குடும்பங்களின் பணம் வீணாகிறது. கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பழைய படங்களை டிஜிட்டல் ஆக்கச் சொல்லி ஓர் அரசு அலுவலகம் விட்ட டெண்டர் படிவத்திலேயே, நெகட்டிவா பிரிண்டா, எந்த அளவு என்று எதுவும் சொல்லாமல் "300 டிபிஐ" என்று மட்டும் போட்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். எழுதிக் கேட்டதற்குப் படிவத்தை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. அரசே அப்படி எழுதும்போது கடைக்காரர் வேறு எப்படி எழுதுவார்?

சரி, 1270 டிபிஐயில் எடுத்தால் படம் சிறியதாக வரவேண்டும், அவ்வளவுதானே, மணல் எங்கிருந்து வந்தது? கலர் நெகட்டிவில் கழுவி முடித்த பிறகு வெள்ளி இருக்காது, அது இருந்த இடங்களில் நுண்ணிய சாயத் திட்டுகள் மிஞ்சும். அவை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, கூடியும் குறைந்தும் கிடக்கும். அந்தக் கூடுதல் குறைவு மைக்ரான் கணக்கில் நடப்பது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1270 டிபிஐயில் ஒரு பிக்சலுக்கும் அடுத்த பிக்சலுக்கும் இடைவெளி 20 மைக்ரான். அந்த இடைவெளிக்குள் பல திட்டுகள் அடங்கிவிடும். ஸ்கேனர் அந்த 20 மைக்ரான் சதுரம் முழுவதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் மணல் தெரியாது. பல ஸ்கேனர்கள் அப்படிச் செய்வதில்லை. குறைந்த டிபிஐ கேட்டால் நடுவில் உள்ள புள்ளிகளைத் தாண்டிக் குதித்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுக்கின்றன. நெல் மூட்டையில் குத்தூசி போட்டு ஒரு பிடி எடுத்தால், அந்தப் பிடியில் பதர் அதிகம் வந்தால் மூட்டையே பதர் என்று தோன்றும். பக்கத்து மூட்டையில் நல்ல நெல்லாக வரும். இரண்டு மூட்டையையும் கொட்டிக் கலந்து பார்த்தால் வித்தியாசம் இருக்காது. அதே நிலைமைதான் இங்கும். கண்ணுக்கே தெரியாத நுண்ணிய ஏற்ற இறக்கம், ஒரு பிக்சலின் அளவுக்குப் பெருத்து நிற்கிறது. தொழிலில் இதைக் கிரெயின் ஏலியாசிங் என்கிறோம். நீங்கள் காண்பது உங்கள் ஃபிலிமின் கிரெயின் அல்ல, அதன் போலி.

அன்றைய பிரிண்ட் வழுவழுவென்று இருந்ததற்கும் காரணம் இதுவே. என்லார்ஜர் நெகட்டிவைப் புள்ளி புள்ளியாக எடுக்காது, ஒளியை முழுமையாகத் தாளில் விழச் செய்யும். நான்கு மடங்கு பெருக்கத்தில் அந்தத் திட்டுகள் கண்ணுக்கு எட்டாது.

இன்னொன்றும் இதைக் கூட்டுகிறது. கலர் நெகட்டிவில் ஒளி வேறுபாடு மிகவும் சுருங்கிய நிலையில் இருக்கும். அதை நேர்ப்படமாக மாற்றும்போது விரித்து இழுக்கவேண்டியிருக்கிறது. படத்தோடு மணலும் சேர்ந்தே இழுபடும். அதன் மேல் கடையின் மென்பொருள் தானாக ஷார்ப்பனிங் போடும். ஏற்கெனவே போலியாக வந்த மணலுக்கு அது விளிம்பு கட்டிவிடும். ஸ்லைடில் இந்தத் தொல்லை குறைவாகத் தெரிவதற்கு இந்த விரித்தல் இல்லாததுதான் காரணம்.

இதைத் தவிர்க்கும் வழி ஒன்றே: முதலில் ஸ்கேனரின் உண்மையான உச்ச அளவில் எடுக்கவேண்டும், சிறியதாக்குவதைப் பிறகு கணினியில் செய்யவேண்டும். வானம் பெரிதாக உள்ள ஒரு ஃபிரேமை, கல்பாத்தித் தேர்ப் படம் போன்ற ஒன்றை, வைத்துச் சொல்கிறேன். ஃபிலிம் ஸ்கேனரில் 4000 டிபிஐயில் எடுத்தால் 5669க்கு 3780 பிக்சல் வரும். சுமார் 21 மெகாபிக்சல். பிக்சலுக்கு 6.35 மைக்ரான். இந்த ஃபைலை நூறு சதவீதத்தில் பார்த்தால் கொஞ்சம் மணல் தெரியத்தான் செய்யும். பயப்பட வேண்டாம், அது நுண்ணியது, ஒழுங்கற்றது, நிஜமானது. இதை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். ஒன்பது பிக்சலைச் சராசரி செய்து ஒன்றாக்கியதும் 1890க்கு 1260 கிடைக்கும், ஏறத்தாழக் கடை கொடுத்த அளவுதான். மணலோ கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காக இறங்கியிருக்கும். கடைக்காரரின் ஃபைலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வானத்திலேயே தெரிந்துவிடும்.

வியூஸ்கேன் மென்பொருளில் இதற்கு மூன்று இடம் தொட்டால் போதும். `Scan resolution` என்பதில் உச்ச அளவை வையுங்கள், `TIFF size reduction` என்பதில் 2 அல்லது 3 வையுங்கள், ஷார்ப்பனிங்கை எடுத்துவிடுங்கள். `Number of samples` என்பதைக் கூட்டி மணலைப் போக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது ஸ்கேனரின் மின்னிரைச்சலைக் குறைக்கும். ஃபிலிம் நகராமல் ஒரே இடத்தில் இருக்கும்போது அதே புள்ளியைப் பத்து முறை எடுத்தாலும் அதே மணல்தான் கிடைக்கும்.

ஃபிலிம் ஸ்கேனர் இல்லாதவர்கள் கேமராவாலும் எடுக்கலாம். 24 மெகாபிக்சல் கேமராவும் மேக்ரோ லென்சும் வைத்து ஃபிரேம் முழுதாக நிரம்பும்படி எடுத்தால் நீளவாக்கில் 6000 பிக்சல் கிடைக்கும். 1.42 ஆல் வகுத்தால் 4200க்கு மேல். அப்பெர்ச்சர் எஃப்8 போதும், ரா ஃபைல் எடுங்கள், கீழே ஒரே சீரான வெள்ளை ஒளிப்பலகை வையுங்கள். கேமராவில் மணல் பச்சை, ஊதா என நிறப்புள்ளிகளாகவும் தெரியலாம். 3000க்குச் சுருக்கும்போது பெரும்பாலும் அடங்கிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "எங்களிடம் 6400 டிபிஐ ஸ்கேனர் இருக்கிறது" என்பார்கள். கண்ணாடி மேல் வைக்கும் ஃபிளாட்பெட் வகையில் பெட்டியில் அச்சிட்ட எண் அது. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் உண்மையில் தேறுவது அதில் பாதிகூட இருக்காது. அதன் லென்ஸ் மங்கலாக எடுப்பதால் மணல்கூடத் தெரியாது, கண் இமையும் தெரியாது. பிறகு ஷார்ப்பனிங் போட்டு மணலைக் கொண்டுவருவார்கள். வேறு சில இடங்களில் 1800 பிக்சல் ஃபைலையே இழுத்துப் பெரிதாக்கி "4000" என்று விற்பார்கள். அதைக் கண்டுபிடிப்பது எளிது: நூறு சதவீதத்தில் பார்த்தால் நுண்ணிய மணல் எதுவும் இல்லாமல், வழவழப்பான பெரிய குமிழ்களாக இருக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால், அதே ஃபிரேமை எடுத்துவிட்டு மீண்டும் சற்றுத் தள்ளி வைத்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். உண்மையான கிரெயின் படத்தோடு நகர்ந்து அதே உருவத்தில் வரும், போலி மணல் உரு மாறிவிடும். முழு மூட்டையும் கொடுக்கும் முன் ஒரு ஃபிரேம் கொடுத்து இதைச் செய்து பார்க்க மறுக்கிற கடையில் நெகட்டிவை விட்டுவரவே கூடாது.

உங்கள் அப்பாவின் பெட்டியில் கருப்பு வெள்ளையும் இருக்கும். அதற்கு இன்னொரு விதி, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். கலருக்கு டிஜிட்டல் ஐஸ் என்ற வசதியை ஆன் செய்வார்கள். அது அகச்சிவப்பு ஒளியில் தூசியைக் கண்டுபிடித்து அழிக்கும், ஏனென்றால் சாயம் அந்த ஒளியை விட்டுவிடும், தூசி தடுக்கும். கருப்பு வெள்ளையிலோ படமே வெள்ளி. வெள்ளி அகச்சிவப்பைத் தடுக்கும். ஆகவே அந்தக் கருவி மூக்கையும் மீசையையும் தூசி என்று நினைத்து அழிக்கப் பார்க்கும், முகம் மெழுகு பூசியதுபோலக் கன்றிப்போகும். அங்கே ஐஸ் ஆஃப் ஆகவே இருக்கவேண்டும். ஸ்கேன் வந்தால் முதலில் கண்ணையும் மீசையையும் பாருங்கள், அங்கேதான் தெரியும். சாயத்தில் உருவாகும் கருப்பு வெள்ளை ஃபிலிம் ஒன்று உண்டு, இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 போன்றது. கலர் நெகட்டிவ் கழுவும் அதே முறையில் கழுவப்படும். அதற்கு மட்டும் ஐஸ் பயன்படும். நெகட்டிவின் ஓரத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆஃப் தான். வெள்ளி ஒளியைச் சிதறடிக்கும் என்பதால், கூர்மையான ஒளி விழும் ஸ்கேனரில் அந்த கிரெயின் இன்னும் கடுமையாகத் தோன்றும். கருப்பு வெள்ளைக்கு நான் கேமராவையும் பரவலான ஒளிப்பலகையையும்தான் விரும்புகிறேன்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் மணல் மிஞ்சினால், அது ஃபிலிமினுடையது. ஐஎஸ்ஓ 800 ஃபிலிம், அல்லது கல்யாண மண்டபத்தில் ஃபிளாஷ் எட்டாமல் இருட்டாக எடுத்த படங்கள் அப்படியே இருக்கும். அவற்றின் நிழல் பகுதியில் சாயமே குறைவு.

கடை கொடுத்த ஃபைல்களைத் திருத்த முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. புள்ளிகளைத் தாண்டிக் குதித்தபோதே தகவல் போய்விட்டது. நாய்ஸ் குறைக்கும் மென்பொருள் மணலோடு இமையையும் துடைக்கும். மறுபடி ஸ்கேன் செய்வதே வழி. எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. இப்போது கிடைத்த சிறிய ஃபைல்களையே பார்த்து முக்கியமான ஃபிரேம்களைத் தேர்ந்தெடுத்து, நெகட்டிவ் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் ஃபிரேம் எண்ணைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள். ஆர்டர் சீட்டில் "நெகட்டிவில் 4000 டிபிஐ, ஆப்டிகல், ஷார்ப்பனிங் இல்லாமல், குறைந்தது 5600 பிக்சல் நீளம், 16 பிட் டிஃப்" என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கலர் ஃபைல் ஒன்று ஏறத்தாழ 130 எம்பி வரும், அதனால் பென் டிரைவ் பெரியதாக எடுத்துப்போங்கள்.