வெல்டிங் பக்கத்தில் தட்டு ஏன் கல்லாகிறது? வெயிலை நம்பிய கணக்கு

கேள்வி: பினாங்கின் பிறையில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை. 40 மி.மீ. எஸ்355 பேஸ் பிளேட்டில் 20 மி.மீ. லக் வைத்து 7018 ராடு, 3.2 சைஸ், ஃபில்லெட் போட்டோம். பார்க்க அழகாக இருந்தது. சோதனைத் துண்டை வெட்டிப் பார்த்தால் வெல்டுக்குப் பக்கத்தில் கடினம் விக்கர்ஸ் 430 வந்து ரிஜெக்ட். தட்டு மோசமா, வெல்டர் தப்பா? இந்த ஊர் வெயிலில், வெல்டிங்குக்கு முன் தட்டைச் சூடாக்கும் ப்ரீஹீட் எல்லாம் தேவையா?

பதில்:

தட்டு மோசமில்லை. வெல்டரும் தப்பில்லை என்றே நினைக்கிறேன். "வெல்டர் தப்பு" என்று எழுதிவிட்டால் ரிப்போர்ட் சீக்கிரம் முடியும் என்பதால் எல்லாரும் அதையே எழுதுகிறார்கள். கடைசி வரியில் நீங்கள் கேட்ட வெயில் விஷயத்தில்தான் கோளாறு இருக்கிறது.

வெல்டை ஒட்டி 2, 3 மி.மீ. அகலத்தில் உருகாமல் சூடு மட்டும் பட்ட தட்டு இருக்கிறது. பட்டறையில் ஹேஸ் என்பார்கள். வருஷா வருஷம் வந்து மூச்சை அடைக்கிற புகைமூட்ட ஹேஸ் இல்லை, வெப்பம் பாதித்த பகுதி. இதில் உருகு கோட்டை ஒட்டிய இடம் 1100 டிகிரிக்கு மேல் போய்விடும். அந்தச் சூட்டில் எஃகு முழுக்க ஆஸ்டெனைட் என்ற படிக அமைப்பாக மாறி, அதன் மணிகள் பெருத்துவிடும். மணி பெருத்தால் மணிகளுக்கு இடையிலான எல்லை குறையும். ஆறும்போது மென்மையான ஃபெரைட் முளைப்பது அந்த எல்லைகளில்தான். முளைக்க இடமில்லாதபோது எஃகு நேராக மிகக் கடினமான மார்ட்டென்சைட்டுக்குத் தாவும். அதனால்தான் உருகு கோட்டுக்கு அரை மி.மீ. தள்ளி 430 வருகிற தட்டில், இன்னும் 2 மி.மீ. தள்ளி மணி நுணுகிய இடத்தில் கடினம் நன்றாக இறங்கியிருக்கும்.

எவ்வளவு தாவும் என்பதை 800 டிகிரியிலிருந்து 500க்கு இறங்க எத்தனை நொடி ஆகிறது என்பது முடிவு செய்கிறது. அந்த நேரத்துக்கு t8/5 என்று பெயர். உங்கள் தட்டு மாதிரி கார்பன் 0.18 சதவீதம் உள்ள எஃகு முழு மார்ட்டென்சைட்டானால் விக்கர்ஸ் 450 பக்கம் வரும். அந்த உச்சத்தைக் கார்பன் மட்டும்தான் தீர்மானிக்கிறது. மாங்கனீஸ், குரோமியம் போன்றவை எவ்வளவு சுலபமாக அங்கே போய்ச் சேரும் என்பதைத்தான் மாற்றுகின்றன. உங்களுக்கு வந்தது 430. அப்படியானால் ஏறக்குறைய முழுக்கவே மார்ட்டென்சைட், அதாவது ஆற ஓரிரு நொடிதான் ஆகியிருக்கிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். கனமான தட்டுக்கு ஐரோப்பியத் தரநிலை 1011-2 தரும் சூத்திரம்:

```
t8/5 = (6700 - 5*T0) * Q * (1/(500-T0) - 1/(800-T0)) * F
Q = 0.8 * V * I / (1000 * v)
```

T0 வெல்டிங் தொடங்கும்போது தட்டின் சூடு, Q ஒரு மி.மீ. நீளத்துக்குப் போகும் கிலோஜூல், v நொடிக்கு எத்தனை மி.மீ. நகர்கிறோம் என்பது. F என்பது மூட்டின் வடிவக் காரணி. தட்டையான தட்டில் ஒரு பீட் என்றால் 1, ஃபில்லெட் என்றால் 0.67. ஃபில்லெட்டில் சூடு பேஸ் பிளேட்டில் இடமும் வலமும், லக்கில் மேலேயும் என மூன்று வழியாக ஓடிவிடுவதால்தான் இந்தக் குறைவு.

3.2 ராடில் 120 ஆம்பியர், 24 வோல்ட், 100 மி.மீ.க்கு 25 நொடி என்று வைத்துக்கொள்வோம். Q 0.58 வரும். தட்டு 30 டிகிரியில் இருந்தால் t8/5 சுமார் 2.1 நொடி. கண் சிமிட்டி முடிப்பதற்குள் மார்ட்டென்சைட்.

இப்போது வெயில். அதே தட்டு குளிர்நாட்டில் 10 டிகிரியில் இருந்திருந்தால்? போட்டுப் பாருங்கள், 2.0 நொடி. பினாங்கின் வெயில் உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது 5 சதவீதம். 800 டிகிரியில் இருக்கிற எஃகுக்கு 10 டிகிரித் தட்டும் 30 டிகிரித் தட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை ஆற வைப்பது காற்றில்லை, அடியில் கிடக்கிற 40 மி.மீ. இரும்பு. தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் எப்படியோ அதே மாதிரி, அந்தக் கனம்தான் சூட்டை உறிஞ்சுகிறது. "வெயிலே ப்ரீஹீட்தான்" என்று சொல்கிற சூப்பர்வைசரிடம் இந்த இரண்டு எண்ணையும் காட்டுங்கள்.

இன்னொரு வேடிக்கையும் இந்தக் கணக்கில் இருக்கிறது. 125 டிகிரி ப்ரீஹீட் கொடுத்துவிட்டு, ராடையும் வேகத்தையும் மாற்றாமல் விட்டால் 2.8 நொடிதான் வருகிறது. ப்ரீஹீட் மட்டும் மந்திரமில்லை. ப்ரீஹீட்டே இல்லாமல் 4.0 ராடுக்கு மாறி 170 ஆம்பியர், 25 வோல்ட், 100 மி.மீ.க்கு 40 நொடி என்று போனால் Q 1.36, நேரம் 4.9 நொடி. இரண்டையும் சேர்த்தால் 6.6 நொடி. அங்கே மார்ட்டென்சைட்டைவிட மென்மையான பெய்னைட் நன்றாகக் கலந்து வரும், உருகு கோட்டுக்குப் பக்கத்திலும் 380க்குக் கீழே இறங்க நல்ல வாய்ப்பு உண்டு. சாதாரண எஸ்355 வகைக்கு, வெல்டிங்குக்குப் பிந்தைய வெப்பப் பதம் இல்லாத நிலையில், ஐஎஸ்ஓ 15614-1 வைக்கும் வரம்பு அந்த 380தான். "வாய்ப்பு" என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள். சூத்திரம் நொடியைச் சொல்லும், கடினத்தைத் துண்டை வெட்டித்தான் பார்க்க வேண்டும்.

"அப்படியானால் ப்ரீஹீட்டை விட்டுவிட்டு ராடை மட்டும் பெரிசாக்கிவிடலாமே" என்று ஒருவர் கீழே எழுதப் போகிறார். வேண்டாம். ப்ரீஹீட்டின் பெரிய வேலை 500 டிகிரிக்குக் கீழேதான் இருக்கிறது. வெல்டுக்குள் போன ஹைட்ரஜன், தட்டு 100 டிகிரிக்கு இறங்குவதற்குள் வெளியேற வேண்டும். 30 டிகிரித் தட்டில் அதற்கு நேரமே கிடையாது. கடினமான மார்ட்டென்சைட், மாட்டிக்கொண்ட ஹைட்ரஜன், மூட்டின் இறுக்கம் மூன்றும் சேர்ந்தால், சாயந்திரம் பார்க்க அழகாக இருந்த வெல்டின் ஓரத்தில் மறுநாளோ அதற்கும் மறுநாளோ தலைமுடி மாதிரி ஒரு வெடிப்பு இருக்கும். 48 மணி நேரம் கழித்து எம்பிஐ என்கிற காந்தத் துகள் சோதனை செய்யச் சொல்வது இதனால்தான். அன்றைக்கே சோதித்து "ஓகே" போட்டு அனுப்பினால் வெடிப்பு வாடிக்கையாளர் வீட்டில் பிறக்கும்.

ராடு அடுப்பையும் சொல்லிவிடுகிறேன். 7018ஐப் பெட்டியில் போட்டுள்ளபடி 300 முதல் 350 டிகிரியில் ஒன்று, இரண்டு மணி நேரம் காயவைத்து, பிறகு 100க்கு மேல் வைத்திருக்கும் சின்ன அடுப்பிலிருந்து எடுத்து எடுத்துத் தீய்க்க வேண்டும். அந்தச் சின்ன அடுப்பில் காலை நாசி லெமாக் பொட்டலம் சூடாகிக்கொண்டிருப்பதைப் பார்க்காத பட்டறை இருந்தால் சொல்லுங்கள். சாயந்திர மழைக்குப் பிறகு திறந்த பெட்டியில் கிடந்த ராடை எடுத்துத் தீய்த்துவிட்டு, தட்டின் சான்றிதழைக் குறை சொல்லி என்ன பயன்?

அந்தச் சான்றிதழையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கார்பன் 0.18, மாங்கனீஸ் 1.45, மற்றது எல்லாம் துளி என்றால் கார்பன் சமானம் 0.43 பக்கம் வரும். கார்பனோடு மாங்கனீஸில் ஆறில் ஒரு பங்கு, குரோமியம், மாலிப்டினம், வனேடியத்தில் ஐந்தில் ஒன்று, நிக்கல், செம்பில் பதினைந்தில் ஒன்று. எஸ்355க்கு இது சாதாரண எண்தான். இதே தட்டு 10 மி.மீ. கனத்தில் இருந்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள். பயிற்சி நிலையங்களில் பையன்கள் கை பழகுவது பெரும்பாலும் அந்த மாதிரி மெல்லிய தட்டில். பெண்டு டெஸ்ட் பாஸ், சான்றிதழ் கையில். 40 மி.மீ. வரும்போது கை அதே கைதான், இரும்பு வேறு. யாரும் சொல்லித் தராததற்கு அவன் சம்பளத்தில் கை வைப்பது என்ன நியாயம்? கேஸுக்கும் ப்ரீஹீட் நேரத்துக்கும் கொட்டேஷனில் ஒரு ரிங்கிட் போடாத முதலாளியை யாரும் ரிஜெக்ட் செய்வதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ப்ரீஹீட் செய்யும்போது டார்ச்சை வெல்ட் கோட்டில் மட்டும் ஓட்டிவிட்டு உடனே அளந்தால் மேல்தோல்தான் 125 காட்டும். ஒரே பக்கத்திலிருந்து சூடாக்கினால் நெருப்பை எடுத்துவிட்டு 25 மி.மீ. கனத்துக்கு 2 நிமிடம் காத்திருங்கள். உங்கள் தட்டுக்கு மூன்றே கால் நிமிடம். அதற்குப் பிறகு மூட்டிலிருந்து 50 மி.மீ. தள்ளி அளக்கவும். பளபளவென்று கிரைண்ட் செய்த இடத்தில் இன்ஃப்ராரெட் துப்பாக்கி குறைத்துக் காட்டும். டெம்பரேச்சர் சாக்பீஸ் மலிவு, பொய் சொல்லாது.

துண்டுகளை இடத்தில் பிடித்துவைக்கப் போடும் டேக் வெல்டுக்கும் இதே ப்ரீஹீட் வேண்டும். பலர் மறப்பது அங்கேதான். 15 மி.மீ. நீளத்தில் சின்னதாக ஒரு டேக் என்றால் சூடு மிகக் குறைவு, ஆறுவது மிக வேகம். அதனால் 50 மி.மீ.க்குக் குறையாமல் போடுங்கள். ராடைப் பற்றவைக்கத் தட்டில் ஒரு தட்டுத் தட்டுகிறார்களே, அந்தப் பொட்டு அதைவிட மோசம். அதைக் கிரைண்ட் செய்து, வெடிப்பு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும்.

பாஸ் வரிசையிலும் ஒரு தந்திரம் உண்டு. பல பாஸ் போட்டால் பின்னால் வரும் பாஸ் முந்தினதன் ஹேஸைப் பதப்படுத்திவிடும். தட்டை ஒட்டிப் போட்ட கடைசிப் பாஸுக்கு மட்டும் அந்த உதவி கிடைக்காது. அதனால் தட்டு ஓரத்துப் பாஸ்களை முதலில் முடித்து, கடைசிப் பாஸை வெல்டின் மேலேயே, ஓரத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே தள்ளிப் போடுங்கள். தட்டைத் தொட்டால் புதிதாக ஒரு கடினப் பகுதி பிறந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு 5.0 ராடை மாட்டி ஊர்ந்து போய்விடாதீர்கள். t8/5 25, 30 நொடியைத் தாண்டினால் கடினம் இறங்கும், ஆனால் பெருத்த மணியும் முரட்டுப் பெய்னைட்டும் வந்து இம்பாக்ட் சோதனையில் தோற்கும். பாஸ்களுக்கு இடையே 250 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள்.

மறுசோதனையில் பந்து மோதி அளக்கும் கைக்கருவியை வெல்ட் ஓரத்தில் வைத்து "இப்போது 290" என்று யாராவது காட்டினால் ஏற்காதீர்கள். 3 மி.மீ. குண்டு 2 மி.மீ. ஹேஸை எங்கே பிடிக்கும்? துண்டை வெட்டி, மெருகேற்றி, நைட்டல் என்கிற அமிலக் கரைசலைத் தடவினால் ஹேஸ் கருத்த பட்டையாகத் தெரியும். அதில் 10 கிலோ சுமையில், மேற்பரப்புக்கு 2 மி.மீ.க்குள், முதல் குழியை உருகு கோட்டிலிருந்து அரை மி.மீ.க்குள் வைக்கச் சொல்லுங்கள். முந்தைய 430ம் அந்த இடத்தில் எடுத்ததுதானா என்று லேபிடம் கேட்டுவிடுங்கள். ஒரு மி.மீ. தள்ளி எடுத்திருந்தால் உண்மையான எண் அதைவிடக் கூடுதல்.