குதிகால் பரிசோதனையில் தைராய்டு அதிகம் என்று மறுபடி அழைத்தால் என்ன பொருள்?

"பிறந்து 6 நாள் ஆகிறது. குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத்தில் தைராய்டு அதிகமாக இருக்கிறது, மறுபடி இரத்தம் கொடுக்க வாருங்கள் என்று மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது. உடனே போக வேண்டுமா, ஒரு வாரம் பார்க்கலாமா?"

நாளைக் காலையிலேயே போய்விடுங்கள். நான் மருத்துவர் இல்லை, மதுரையில் ஆறு வயதுப் பெண்ணின் அம்மா. "பயமுறுத்திப் பரிசோதனைக்கு ஆள் பிடிக்கிறார்கள்" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: அதையே என் வீட்டிலும் சொன்னார்கள், அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

என் பெண்ணுக்கு முன்னால், என் நாத்தனார் மகனுக்கும் இதே போன் வந்தது. பிரசவம் முடிந்த மறுநாளே வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவசரப்பட்டதால் அவனுக்கு 20 மணி நேரத்திலேயே இரத்தம் எடுத்துவிட்டார்கள். டி.எஸ்.எச். 29 என்று வந்தது. ஏழாம் நாள் மறுபடி எடுத்தார்கள், 3 என்று வந்தது. கதை முடிந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் இது "அந்தக் குத்தல் டெஸ்ட், சும்மா பயமுறுத்துவார்கள்" என்று பெயர் வாங்கிவிட்டது.

அவனுக்கு நடந்தது இதுதான். தைராய்டு சுரப்பியை வேலை வாங்குவது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி. அது அனுப்பும் உத்தரவின் பெயர்தான் டி.எஸ்.எச். போனில் "தைராய்டு அதிகம்" என்று சொல்வது இந்த எண்ணைத்தான், சுரப்பியின் ஹார்மோனை அல்ல. குழந்தை வெளியே வந்ததும் குளிர் தாக்க, முதல் அரை மணி நேரத்தில் அந்த உத்தரவு 60, 80 என்று எகிறும். பிறகு இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். அதனால்தான் 48 மணி நேரத்துக்குப் பிறகு எடுப்பது நல்லது என்கிறார்கள். முன்னால் எடுத்தால், இறங்கிக்கொண்டிருக்கும் எண்ணைப் பிடித்துவிடுவோம்.

என் பெண்ணுக்கு எடுத்தது 50 மணி நேரத்தில். எட்டாம் நாள் போன் வந்தது. எண் 38. என் மாமியார் கேட்டார்: "அவனுக்கு 29, இவளுக்கு 38. பெரிய வித்தியாசமா? பதினாறு கழியட்டும், போகலாம்." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. குழந்தை வேறு தொந்தரவே இல்லாமல் தூங்கினாள். பாலுக்குக்கூட எழுப்ப வேண்டியிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "என்ன சமர்த்து" என்றார்கள். மஞ்சள் மட்டும் இன்னும் கண்ணில் இருந்தது. வெயிலில் காட்டு என்றார்கள்.

போகச் சொன்னது என் கணவர். அவர் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த எண் முழு இரத்தத்தில் பார்த்ததா, சீரத்தில் பார்த்ததா?" அவர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, இந்தச் சொற்கள் காதில் விழுந்திருக்கின்றன. அந்தக் கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது. குதிகாலில் எடுத்து அட்டையில் காய வைத்த சொட்டில் இரத்த அணுக்களும் சேர்ந்து இருக்கும். சீரம் என்பது அணுக்கள் நீங்கிய நீர்ப் பகுதி. சில ஆய்வகங்கள் அந்த அளவை அப்படியே சொல்லும், சில அதைச் சீரக் கணக்குக்கு மாற்றிச் சொல்லும். சீரக் கணக்கில் எண் ஏறக்குறைய இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேல் வரும். நாத்தனார் மகனின் 29 சீரத்தில். என் பெண்ணின் 38 முழு இரத்தத்தில், அதாவது சீரத்தில் 80க்கு மேல். அவனுக்கு 20 மணி நேரத்தில், இவளுக்கு 50 மணி நேரத்தில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கவே கூடாது.

அன்று மதியமே போனோம். இந்த முறை குதிகாலில் அல்ல, புறங்கையில் நரம்பில் எடுத்தார்கள். அட்டைச் சொட்டு சந்தேகத்தைத்தான் சொல்லும், முடிவு சொல்வது நரம்பு இரத்தம். டி.எஸ்.எச்.சோடு ஃப்ரீ டி4 என்பதையும் பார்ப்பார்கள், ஏனென்றால் ஒன்று உத்தரவு, மற்றது சுரப்பி உண்மையில் செய்து அனுப்பும் சரக்கு. டி.எஸ்.எச். 100க்கு மேல், ஃப்ரீ டி4 0.5. அந்த வயதில் அது 1க்கு மேல் இருக்க வேண்டும். உத்தரவு கத்துகிறது, சரக்கு வரவில்லை. "பார்க்கலாம்" என்பதற்கு அங்கே இடமே இல்லை.

அப்படியானால் பிறந்தபோது எப்படி நன்றாக இருந்தாள்? என் தைராய்டு ஹார்மோனில் கொஞ்சம் நஞ்சுக்கொடி வழியாக அவளுக்குப் போய்க்கொண்டிருந்தது. வெளியே வந்த பிறகு அந்தக் கையிருப்பு கரையும். மூளை வளர அந்த ஹார்மோன் வேண்டும். குறை முகத்தில் தெரிகிற அளவுக்கு வரும்போது மூளைக்குச் சேதம் நேர்ந்திருக்கும். இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும் என்பது அதற்காகத்தான். "குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது" என்று நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் இந்தப் பதிலையே தொடங்கினேன்.

அன்று மாலையே லெவோதைராக்சின். எடை 3 கிலோ, கிலோவுக்கு 12.5 மைக்ரோகிராம் என்று கணக்குப் போட்டு 37.5, அதாவது 25 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்றரை. இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் நசுக்கி, கொஞ்சம் தாய்ப்பாலில் குழைத்துப் பாலாடையில் கொடுத்தேன். புட்டியில் கலக்காதீர்கள் என்றார் மருத்துவர். குழந்தை மீதி வைத்தால் மருந்தும் மீதியாகிவிடும். பின்னால் இரும்புச் சொட்டு மருந்து கொடுத்தபோது அதற்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடச் சொன்னார். இரண்டு வாரத்தில் மறுபடி இரத்தம். அதற்குள் அவளே பாலுக்கு அழத் தொடங்கியிருந்தாள். அந்த அழுகையைக் கேட்டு நான் அழுதேன்.

மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தில் இருக்க வேண்டிய சுரப்பி நாக்கின் அடியிலேயே தங்கிவிட்டிருந்தது. கருவில் அது அங்கே உருவாகிக் கழுத்துக்கு இறங்க வேண்டும், இவளுக்கு இறங்கவில்லை. நான் முட்டைக்கோஸ் சாப்பிட்டதால் இல்லை, இரவில் தலை குளித்ததால் இல்லை. இதைச் சொல்லி என்னைக் கரித்தவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியும். இவளுக்கு மாத்திரை ஆயுள் முழுக்க. சுரப்பி சரியான இடத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு மூன்று வயதில் மருந்தை நிறுத்திப் பார்ப்பார்கள். தாயின் எதிர்ப்பொருள்களாலோ, உடம்பில் தடவிய அயோடின் மருந்தாலோ வந்ததென்றால் சிலருக்கு அது தானாகவே சரியாகியிருக்கும்.

இடையில் ஒரு வயிற்றெரிச்சல். அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டலில் என் பெயர், டிஸ்சார்ஜ் சீட்டில் வேறு, நரம்பு இரத்த ரிப்போர்ட்டில் மூன்றாவது ஒன்று. குழந்தைக்குப் பெயரே கிடையாது, இன்னாருடைய குழந்தை என்பதுதான் அடையாளம். அதனால் ரிப்போர்ட்டை ஒட்டி வைக்க இரண்டு நாள் அலைந்தோம். பிறப்புச் சான்றிதழிலும் அந்த மூன்றாவது எழுத்துக்கூட்டலே ஏறிவிட்டது. அதைத் திருத்த ஐந்து முறை போனேன். ஐந்தாவது முறை கவுன்டரில் இருந்தவர் என்னிடமே கேட்டார், "எது உங்கள் உண்மையான பெயர்?" சரி, விடுங்கள்.

போகும்போது பழைய அட்டையின் முடிவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எத்தனை மணி நேரத்தில் எடுத்தது, எண் எந்தக் கணக்கில். குறைமாதக் குழந்தை என்றால் அதையும் சொல்லுங்கள், அவர்களுக்கு டி.எஸ்.எச். தாமதமாகவும் ஏறலாம். நரம்பு இரத்தத்தின் முடிவு எப்போது வரும் என்று கேளுங்கள். நாட்கணக்கில் ஆகும், அட்டை எண்ணும் மிக அதிகம் என்றால், இரத்தத்தை எடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை, அப்படிச் செய்வது வழக்கம்தான். வெறும் வயிறு வேண்டியதில்லை. பால் கொடுத்துக் கையைக் கதகதப்பாகச் சுற்றிக் கொண்டுபோனால் நரம்பு சீக்கிரம் கிடைக்கும். எங்களுக்கு மூன்றாவது குத்தலில்தான் கிடைத்தது.