ஷிப்ட் பட்டியலும் என் நாற்பது பக்க நோட்டும்

கேள்வி: எங்கள் மேனேஜர், "என்னோடு தனியாக வந்தால் காலை ஷிப்ட் தருகிறேன், சூப்பர்வைசர் ஆக்குகிறேன்" என்கிற மாதிரி பேசுகிறார். என் கையில் எந்த ஆதாரமும் இல்லை. எதை, எப்படி எழுதி வைக்க வேண்டும்?

மண்டபம் பக்கம் ஒரு இறால் கம்பெனியில் தரம் பிரிக்கும் மேசையில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். 2024-இல் எனக்கு இதே கொடுமை நடந்தது. என் முதல் குறிப்பை நான் தப்பாகத்தான் எழுதினேன். அதிலிருந்தே சொல்கிறேன்.

அந்த ஜனவரியில் ஒருநாள் வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே நோட்டில் எழுதினேன்: "மேனேஜர் இன்றைக்கும் அசிங்கமாகப் பேசினார். மனசே சரியில்லை." இரண்டு மாதம் கழித்து என் புகாரை விசாரித்த குழுவில் இருந்த ஒரு அம்மையார் அந்த வரியைப் படித்துவிட்டு, "என்ன வார்த்தை சொன்னார்?" என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. அன்றைக்குப் பட்ட வலி அப்படியே இருந்தது, வார்த்தை மட்டும் போய்விட்டது. அந்தப் பக்கத்தால் எனக்கு ஒரு பயனும் இல்லை.

பிப்ரவரியில் எழுதியதுதான் என்னைக் காப்பாற்றியது. எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதியிருந்ததை இங்கே எழுத்து நடையில் தருகிறேன்.

"12.2.2024, திங்கள். மதியம் சுமார் 1.40. எடை போடும் இடம். சார் சொன்னது: 'சூப்பர்வைசர் இடம் காலியாகிறது. உனக்குத்தான் தரலாம் என்றிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ராமேஸ்வரத்துக்குத் தனியாக வா, ரூம் போட்டிருக்கிறேன்.' நான் சொன்னது: 'வேலை விஷயத்தை இங்கேயே பேசலாம் சார்.' அவர் சிரித்துவிட்டுப் போனார். பக்கத்தில் யாரும் இல்லை. ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டு வந்த அக்கா, நான் அங்கிருந்து வந்ததைப் பார்த்தார், பேச்சைக் கேட்கவில்லை."

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். அக்கா கேட்டார் என்று எழுதியிருந்தால் விசாரணையில் அவர் "நான் கேட்கவில்லையே" என்று சொல்லியிருப்பார், என் நோட்டு முழுவதுமே சந்தேகத்துக்குள் போயிருக்கும். பார்த்தார் என்று மட்டும் எழுதியதால், அவர் சொன்னதும் நான் எழுதியதும் ஒன்றாக நின்றன. "அவர் கெட்ட எண்ணத்தோடு கூப்பிட்டார்" என்றும் நான் எழுதவில்லை. 'தனியாக', 'ரூம்' என்ற அவருடைய இரண்டு வார்த்தைகளே அதைச் சொல்லிவிடுகின்றன. படிப்பவர் தானே முடிவுக்கு வரட்டும்.

16-ஆம் தேதி வெள்ளி இரவு 8.50-க்குப் போன் செய்தார். நான்கு நிமிடம் பேச்சு. "நீ வந்தால்தான் அந்தத் தாளில் கையெழுத்து" என்றார். "முடியாது சார்" என்றேன். போனை வைத்தவுடன் நேரத்தையும் வார்த்தையையும் எழுதினேன், அழைப்புப் பட்டியலைப் படமெடுத்தேன். பேச்சைப் பதிவு செய்யவில்லை. ஆனால் அந்த இரவு அந்த நேரத்தில் அவர் என்னை அழைத்தது உண்மை என்பதற்கு அந்தப் படம் போதுமாக இருந்தது.

நீங்கள் எழுத வேண்டியவற்றில் முக்கியமானது இனிமேல்தான் வருகிறது. அவர் பேசியதை மட்டும் எழுதினால் அது உங்கள் வார்த்தைக்கு எதிராக அவர் வார்த்தை. நீங்கள் மறுத்த பிறகு வேலையில் என்ன மாறியது என்பது கம்பெனியின் சொந்தத் தாளில் இருக்கிறது. எங்கள் மேசையில் ஆறு பேர். ஒரு வாரம் காலை 6 முதல் 2 வரை, அடுத்த வாரம் மதியம் 2 முதல் இரவு 10 வரை என்று எல்லாருக்கும் மாறி மாறி வரும். 19-ஆம் தேதி திங்கட்கிழமைப் பட்டியலில் எனக்கு மதிய ஷிப்ட். அடுத்த வாரமும் அதேதான், அதற்கடுத்த வாரமும் அதேதான். மற்ற ஐந்து பேருக்கும் வழக்கம்போல் மாறிக்கொண்டே இருந்தது. தகவல் பலகையில் எல்லாரும் பார்க்க ஒட்டியிருந்த தாளை ஒவ்வொரு திங்களும் படமெடுத்தேன், ஆறு பேரின் வரிசையும் தெரியும்படி. என் பெயரை மட்டும் வெட்டி எடுத்த படம் எதையும் காட்டாது. அலுவலகக் கோப்பை ரகசியமாக எடுக்கப் போகாதீர்கள். வருகைப் பதிவேடும் பழைய பட்டியலும் வேண்டுமென்று புகாரில் எழுதினால், குழுவே கம்பெனியிடம் கேட்டு வாங்கும்.

அவர் பதில் என்ன தெரியுமா? மீன்பிடித் தடைக்காலத்தால் வரத்துக் குறைந்தது, அதனால் ஆட்களை மாற்றினேன் என்றார். நம் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது, ஜூன் 14 வரை. என் பட்டியல் மாறியது பிப்ரவரி 19. வரத்துக் குறைந்தாலும் ஆறு பேரில் ஒருத்திக்கு மட்டும் மூன்று வாரமும் மதிய ஷிப்டே வருமா என்று குழு கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. தேதியோடு எழுதியிருக்காவிட்டால் அந்தச் சமாதானத்தை எல்லாரும் நம்பியிருப்பார்கள்.

நோட்டைப் பற்றி ஒரு சொல். தைத்த நோட்டாக இருக்கட்டும், தனித்தாள் வேண்டாம். தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள். பிறகு அழகாகப் படியெடுத்து எழுதும் ஆசை வரும், அது கூடவே கூடாது. ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதிய நோட்டைப் பார்த்தால் புகாருக்காகத் தயாரித்தது என்பார்கள். வாட்ஸ்அப் செய்திகளில் நீங்கள் அனுப்பிய பதில்களையும் அழிக்காதீர்கள். பயத்தில் "சரி சார்" என்று எழுதியிருந்தாலும் அது இருக்கட்டும். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று விளக்கிவிடலாம், அழித்ததை விளக்குவது கஷ்டம். கம்பெனி கொடுத்த போனில் மட்டும் எதையும் வைத்திருக்காதீர்கள்.

பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம், 2013, பதவியோ சலுகையோ தருவதாக ஆசை காட்டுவதையும், மறுத்தால் வேலையில் கெடுதல் செய்வேன் என்று மிரட்டுவதையும் வெளிப்படையாகச் சொல்லாமல் குறிப்பால் உணர்த்தினாலும் பாலியல் தொல்லையாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் கம்பெனிக்குள்ளேயே குழு இருக்க வேண்டும். நம் கரையோரத்தில் பத்துப் பேர்கூட இல்லாத இறால் உரிக்கும் கொட்டகைகள் எத்தனையோ இருக்கின்றன. அங்கே வேலை செய்பவர்களும், முதலாளி மேலேயே புகார் உள்ளவர்களும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். 181-க்கும் அழைக்கலாம். புகாரை ஆறு பிரதிகளாகக் கொடுக்க வேண்டும். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் உங்களைத் தண்டிக்க முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

நான் மார்ச் 14 அன்று புகார் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை என் வேலையைப் பற்றி அவர் மதிப்பீடு எழுதக் கூடாது என்றும் கேட்டேன், குழு ஒத்துக்கொண்டது. முடிவில் அவரை அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள், என் ஷிப்ட் பழையபடி மாறி மாறி வர ஆரம்பித்தது. சூப்பர்வைசர் வேலை எனக்குக் கிடைக்கவில்லை. விசாரணை நடக்கும்போதே வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

உங்களுக்கு ஏற்கெனவே நடந்தவற்றை இன்றிரவே எழுதுங்கள். மேலே இன்றைய தேதியைப் போட்டு, "நினைவிலிருந்து எழுதுகிறேன்" என்று குறிப்பிடுங்கள். நாள் சரியாகத் தெரியாவிட்டால் "பொங்கலுக்கு அடுத்த வாரம், சம்பளம் போட்ட அன்று" என்று தெரிந்த அளவுக்கு எழுதுங்கள். தேதியைக் கற்பனை செய்து போடாதீர்கள். அடுத்த பக்கத்தில், கடந்த இரண்டு மாதம் உங்களுக்கும் உங்கள் மேசைக்காரர்களுக்கும் வந்த ஷிப்டை வாரவாரியாக எழுதுங்கள்.