சிவப்பு எழுத்து மட்டும் ஏன் கசிந்து மங்குகிறது?

கேள்வி: நிரல் எழுதுவதைத் திரைப்பதிவு செய்து பாடம் நடத்துகிறேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து தெளிவாக இருக்கிறது, சிவப்பு மட்டும் கசிந்து மங்குகிறது. பிட்ரேட்டை மூன்று மடங்காக்கியும் பயனில்லை. விலை உயர்ந்த கேப்சர் கார்டு வாங்கினால் சரியாகுமா?

வாங்காதீர்கள். சுருக்கும் வேலை தொடங்குவதற்கு முன்பே உங்கள் சிவப்பு பறிபோய்விடுகிறது. அதன் பிறகு பிட்ரேட்டை எவ்வளவு ஏற்றினாலும் மங்கிய படம்தான் பத்திரமாகச் சேமிக்கப்படும்.

வீடியோவில் ஒளியளவு தனி, நிறம் தனி. 4:2:0 முறையில் ஒளியளவு ஒவ்வொரு புள்ளிக்கும் உண்டு. நிறமோ இரண்டுக்கு இரண்டு கட்டத்தின் நான்கு புள்ளிகளுக்கும் சேர்த்து ஒன்றுதான். முகத்திலோ வானத்திலோ இது கண்ணில் படாது. ஒரு புள்ளி அகலமே உள்ள எழுத்துக் கோட்டில் மாட்டிக்கொள்ளும்.

கறுப்பின் மேல் (255, 0, 0) என்ற சுத்தச் சிவப்பில் அப்படி ஒரு செங்குத்துக் கோடு இருப்பதாகக் கொள்வோம். கட்டத்தில் பாதி சிவப்பு, பாதி கறுப்பு, நிறம் சராசரியாகிறது. திரும்ப வரும்போது கோடு ஏறத்தாழ (155, 27, 27) என வெளுத்திருக்கும். பக்கத்துக் கறுப்புப் புள்ளி (100, 0, 0) என்று சிவந்திருக்கும். நீங்கள் கசிவு என்பது இதைத்தான். வெள்ளைக் கோட்டின் விளிம்பு முழுவதும் ஒளியளவில் இருப்பதால் அது தப்பிக்கிறது. சுத்தச் சிவப்பின் ஒளியளவு வெள்ளையில் 21 சதவீதம்தான். நீலம் வெறும் 7.

ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் தரும் 4:4:4 முறையில் பதிந்து அப்படியே அனுப்பலாமே என்றால், பெரும்பாலான கைப்பேசிகளும் பல உலாவிகளும் அந்த வகை H.264 வீடியோ கோப்பைத் திறக்காது. திரையெல்லாம் எழுத்தாகிவிட்ட காலத்திலும் தொலைக்காட்சிக் காலத்துச் சிக்கனத்தை விடமாட்டேன் என்கிறார்கள் கருவி செய்பவர்கள். மங்கிய கோப்பை 4:4:4-க்கு மாற்றி 'மீட்டுத் தருகிறோம்' என்று காசு கேட்பவர்களை நம்பாதீர்கள். தொலைந்த நிறம் திரும்பாது. விலை குறைந்த கார்டுகள் பல தாமே நிறத்தைக் குறைத்துத்தான் தருகின்றன. அதே கணினியின் திரையைப் பதிய கார்டே தேவையில்லை.

ஒரு வழி உண்டு. OBS பதிவு மென்பொருளின் Advanced பகுதியில் Color Format பெரும்பாலும் NV12 என்று இருக்கும், அது 4:2:0. அதை 4:4:4 முறையான I444 ஆக்கிப் பதியுங்கள். பிறகு ffmpeg கட்டளையால் இரு மடங்கு பெரிதாக்கி 4:2:0-க்கு மாற்றுங்கள்:

```
ffmpeg -i in.mkv -vf "scale=iw*2:ih*2:flags=neighbor" -pix_fmt yuv420p out.mp4
```

இப்போது பழைய ஒவ்வொரு புள்ளியும் நான்கு புள்ளிகளாகிவிட்டது; நிறம் பகிரப்படும் கட்டமும் அதே நான்குதான். அதனால் பக்கத்து நிறம் கலக்க வழியில்லை. neighbor என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். விட்டால் பெரிதாக்கும்போதே விளிம்பு குழையும். வேறு மென்பொருளில் 1080-க்கு மறுபடி சுருக்கினாலும் பட்ட பாடு வீண். கோப்பு பெரிதாகும், பழைய கருவிகள் திணறும்.

வீடியோ தளத்தில் ஏற்றினால் 1080-ஐத் தேர்பவருக்குத் தளமே சுருக்கிய 4:2:0 பிரதிதான் போகும். அவருக்குப் பழைய கசிவுதான். அதனால் எடிட்டரின் தீமில் சிவப்பையே #FF9999 ஆக்கிவிடுங்கள். அதன் ஒளியளவு 68 சதவீதத்தைத் தொடும். விளிம்பை அதுவே தாங்கிக்கொள்ளும்.