செத்துவிட்டான் என்று நினைத்துக் கடலில் தள்ளினால் கொலையா?

“அடி வாங்கியவன் செத்துவிட்டான் என்று நினைத்துக் கடலில் போட்டுவிட்டான். உண்மையில் அவன் தண்ணீரில் மூழ்கித்தான் செத்தான். தேர்வில் இப்படிக் கேள்வி வந்தால் மென்ஸ் ரியா என்ற குற்ற மனமும் ஆக்டஸ் ரியஸ் என்ற குற்றச் செயலும் ஒன்றாக இருந்தன என்று எப்படிக் காட்டுவது?” என்று ஒரு சட்ட மாணவர் கேட்கிறார்.

ராமநாதபுரத்தில் வக்கீலாக இருக்கிறேன். என்னிடம் வரும் ஜூனியர்களிடம் நான் சொல்லும் கதை இது. மண்டபம் கடற்கரை, இரவு. வலைப் பங்கில் தகராறு. செல்வம் தன் மச்சானைத் துடுப்பால் தலையில் அடிக்கிறான், மச்சான் மயங்கி விழுகிறான். செத்துவிட்டான் என்று நினைத்து வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோய், விபத்து மாதிரி இருக்கட்டும் என்று கடலில் தள்ளுகிறான். பிரேதப் பரிசோதனையில், தலைக்காயம் உயிரைப் பறிக்கும் அளவுக்கு இல்லை, மூழ்கித்தான் மரணம் என்று வருகிறது.

முதலில் இரண்டு செயலையும் பிரித்து எழுதுங்கள்: அடி, தள்ளல். ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த நொடியில் செல்வத்தின் மனதில் இருந்ததை எழுதுங்கள். உயிர் போனது தள்ளியதால். ஆனால் அப்போது அவன் கையில் இருந்தது, அவனைப் பொறுத்தவரை, பிணம். பிணத்தைக் கொல்ல எண்ண முடியாது. சிக்கல் முழுக்க இந்த இடைவெளிதான்.

இனி அடித்தபோது இருந்த மனதைப் பாருங்கள், விடை அங்கேதான் பிரிகிறது. கொல்லவே அடித்திருந்தால், இரண்டையும் ஒரே தொடர் நிகழ்வாக எடுத்துக் கொலை என்பார்கள். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளின் மேல்முறையீடுகளை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில் 1954-இல் தாபோ மெலி வழக்கில் அப்படித்தான் சொன்னது. அதற்கு முன்பே, 1943-இல், தவமணி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதே முடிவுக்கு வந்துவிட்டது. அங்கே அடிபட்டவரைப் போட்டது கிணற்றில்.

கோபத்தில் அடித்தான், கொல்லும் எண்ணமோ சாவு நேரும் என்ற அறிவோ இல்லை என்றால் கதை வேறு. 1919-இல் பழனி கவுண்டன் வழக்கு. மனைவியைக் கலப்பைக் கொழுவால் அடித்தவர், இறந்துவிட்டாள் என்று நினைத்துத் தூக்கில் தொங்கவிட்டார். உயிர் போனது தூக்கில். கொலையும் இல்லை, மரணம் விளைவித்த குற்றமும் இல்லை, கொடுங்காயம்தான் என்றது சென்னை உயர் நீதிமன்றம்.

மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். இங்கிலாந்தில் 1965-இல் சர்ச் வழக்கு. அதில் இறந்துவிட்டாள் என்று நினைத்து ஆற்றில் தள்ளியவனுக்குக் கொல்லும் எண்ணம் இருந்ததாக நிரூபணம் இல்லை, ஆனாலும் மேன்ஸ்லாட்டர் என்ற, கொலையைவிடக் குறைந்த மரணக் குற்றத்துக்குத் தண்டனை நிலைத்தது. அதை இந்தியக் கேள்விக்கு அப்படியே எடுத்து வைத்தால் பழனி கவுண்டனோடு முட்டும். எந்த நாட்டுச் சட்டம் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம், கேள்வியை இரண்டு முறை படியுங்கள். “வள்ளத்தில் ஏற்றும்போது முனகல் கேட்டது” என்று ஒரு வரி ஒளிந்திருக்கலாம். அதைக் கேட்டும் தள்ளியிருந்தால் உயிரோடு இருப்பவன் என்று தெரிந்தே தள்ளுகிறான். மனமும் செயலும் அந்த நொடியிலேயே சேர்ந்துவிட்டன, தொடர் நிகழ்வு வாதமே தேவையில்லை.